காப்பு நிதியைப் புது விகிதத்தில் பிரிக்கக் கூடாது

கூட்டு வணிகத்தில் கூட்டாளிகள் லாபம் பகிரும் விகிதம் மாறுவது பற்றி நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்: “விகிதம் மாறின தேதியில இருக்கிற பொதுக் காப்பை புது விகிதத்துலதான் பிரிக்கணும். நற்பெயரைத் தொடவே வேண்டாம், யாரும் விலகலையே!”

யாரும் விலகவில்லை, சரி. நற்பெயருக்குப் புதிதாகக் கணக்கு திறந்து ஏட்டில் ஏற்ற வேண்டாம் என்றால் அதுவும் சரிதான். ஆனால் தொடாமல் விட முடியாது.

ஒரு கடையில் அண்ணன், தம்பி, மைத்துனர் 5:3:2 விகிதத்தில் இருந்து 2:3:5க்கு மாறுகிறார்கள் என்று வைப்போம். பொதுக் காப்பு ரூ.80,000, நற்பெயர் மதிப்பு ரூ.1,20,000. அந்த 80,000 பழைய விகிதத்தில் சம்பாதித்தது; அண்ணன் பங்கு 40,000. நீங்கள் சொன்னபடி பிரித்தால் அவருக்கு 16,000தான். மீதி 24,000 சும்மா மைத்துனருக்குப் போகிறது.

காப்பைப் பிரிக்காமல் ஏட்டிலேயே வைத்துக்கொள்வதாக அவர்கள் ஒத்துக்கொண்டால் ஒரே பதிவு போதும். காப்பும் நற்பெயரும் சேர்த்து மொத்தம் 2,00,000இல் அண்ணன் மைத்துனருக்கு விட்டுக்கொடுத்த 3/10, அதாவது 60,000: மைத்துனரின் மூலதனக் கணக்கில் பற்று, அண்ணனின் மூலதனக் கணக்கில் வரவு. தம்பி பங்கு மாறவில்லை, அவர் கணக்கு அப்படியே.

காப்பைப் பழைய விகிதத்தில் பிரித்துவிட்டால் நற்பெயருக்கான 36,000 மட்டும் கைமாறும். பிரித்த பிறகும் 60,000க்குப் பதிவு போடுவதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு. காப்பு இரண்டு தடவை கணக்காகிவிடும்.

அப்புறம், ஏட்டில் தொழிலாளர் இழப்பீட்டு நிதியும் இருந்தால், அதிலிருந்து தொழிலாளருக்குத் தர வேண்டிய கோரிக்கைத் தொகையை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் இதே கணக்கு.