இரண்டு நிமிடத்தில் தனுஷ்கோடி

தனுஷ்கோடி புயலைப் பற்றி நண்பர்கள் எடுத்த ஆவணப்படத்துக்கு இரண்டு நிமிட டிரெய்லர் எழுதிக் கொடுத்தேன். முதலில் எழுதியது சரியாக வரவில்லை. படத்தின் மூன்று பகுதிகளையும் அதே வரிசையில் சுருக்கி வைத்திருந்தேன். ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போகிற ஊர். 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பிறகு 46 நாளில் பாம்பன் பாலத்தைச் சரிசெய்தது. பார்த்தவர்கள் "நல்லா இருக்கு" என்றார்கள். படம் எப்போது வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கதைதான் அங்கேயே முடிந்துவிட்டதே!

டிரெய்லரின் மூன்றாம் பகுதி படத்தின் முடிவாக இருக்கக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. மறுபடி எழுதும்போது ஊருக்கு 30 விநாடி, புயலுக்கு 50 விநாடி என்று பிரித்தேன். மிச்சத்தில் பாலத்தில் ரயில் ஓடும் காட்சி, உடனே இடிந்த தேவாலயத்தின் சுவர், கறுப்புத் திரையில் ஒரு வரி: "பாலம் எழுந்தது. ஊர் ஏன் எழவில்லை?" பதில் படத்தில் இருக்கிறது. டிரெய்லரில் வேண்டாம்.

பேட்டி வரிகளை வெட்டுவதில்தான் எனக்கு உறுத்தல். ஒரு பாட்டி "கடல் உள்ள வந்துருச்சு" என்கிறார். வெகுநேரம் கழித்து, இப்போது அந்தத் தேவாலயத்துக்கு யார் வருகிறார்கள் என்ற கேள்விக்கு "யாருமே வரல" என்கிறார். இரண்டையும் ஒட்டினால், புயலன்று காப்பாற்ற யாருமே வரவில்லை என்று ஆகிவிடும். கேட்டால் மனம் பதறும்தான். ஆனால் அவர் அதைச் சொல்லவே இல்லை. ஒட்டியிருந்ததைப் பிரித்து, முதல் வரியை மட்டும் வைத்தேன். ஆவணப்படத்தில் பேசுகிறவர் நடிகர் இல்லை. நாளைக்கு அந்த ஊரில் எல்லோர் கைபேசியிலும் இது ஓடும்.

அந்த வரி எடுபட்டதற்கு இசையும் காரணம். முதல் பகுதியில் காற்றும் ரயில் சத்தமும் மட்டும். புயல் வரும்போது அடியில் ஒரு கனத்த சுதி, பிறகு தாள வாத்தியம், அப்புறம் வயலின்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்காக வாங்கியதால் வேண்டிய இடத்தில் எதையும் எடுக்க முடிந்தது. பாட்டி பேசுவதற்கு ஒரு விநாடி முன்பே எல்லாவற்றையும் நிறுத்தினோம். இசை ஏறிக்கொண்டே போயிருந்தால் அவர் குரலும் அந்த இரைச்சலில் இன்னொரு சத்தமாகப் போயிருக்கும்.

கடைசியில் தேதி அட்டை. படத்தின் பெயர், தேதி, எங்கே பார்க்கலாம் என்று மூன்றே வரி, சின்னக் கைபேசியிலும் படிக்கிற எழுத்தில், முழுசாக நான்கு விநாடி நிற்க வேண்டும். தேதி இன்னும் முடிவாகாததால் "விரைவில்" என்று போட்டுவிடலாம் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் நாள் குறித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். தேதி முடிவாகும்வரை டிரெய்லரை வெளியிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.