இது வெங்காயப் பச்சடியா, வெங்காயத் தீர்த்தமா?

பிரியாணி வந்தது, ஓரத்தில் பிரெட் அல்வா வந்தது, எல்லாம் சரி. அப்புறம் வாளியோடு ஒருவர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். மேலே வெளிறிய தண்ணீர், வெங்காயமும் வெள்ளரியும் அடியில். கலக்கி ஒரு கரண்டி ஊற்றினார். ஆமாம், ஊற்றினார். அது இலையின் நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, பிரியாணிக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து அல்வாவைத் தேடிப் போனது. சோற்றால் அணை கட்டினேன். உடைந்தது. கத்தரிக்காயை வைத்து அடைத்தேன். அதையும் சுற்றிக்கொண்டு போனது. அல்வாவின் நெய்யில் தயிர்த் தண்ணீர் மிதக்கும்போது கேட்கிறார், “இன்னும் கொஞ்சம் விடட்டுமா சார்?”

ஏன் இப்படி என்று கேட்டால், “தயிர் சரியில்லை சார்” என்கிறார். பாவம், தயிர் என்ன செய்யும்? வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். வெங்காயமும் கிட்டத்தட்ட 90. அதைக் காலையிலேயே நறுக்கித் தயிரில் கொட்டி, உப்பும் போட்டு வைத்துவிட்டால் மதியத்துக்குள் உப்பு அத்தனையையும் வெளியே இழுத்துவிடாதா? உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடும் என்று தெரிந்தவர்களுக்கு, வெள்ளரி மட்டும் கௌரவமாக உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பு. இதில் பந்திக்குப் பந்தி கரண்டியை விட்டுக் கலக்கு கலக்கென்று கலக்குகிறார்கள். தயிரும் உடைந்து தன் பங்குக்குத் தண்ணீர் விடுகிறது.

வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, நடுவில் விதையோடு இருக்கும் கொழகொழப்பை ஸ்பூனால் வழித்து எறிய எவ்வளவு நேரமாகும்? துருவவே கூடாது, பொடியாக நறுக்க வேண்டும். உடனே பரிமாறுவதென்றால் காயைத் தனியாக, தயிரைத் தனியாக வைத்திருந்து, இலை போடும்போது கலந்து, உப்பைக் கடைசியில் போட்டால் போதும். முன்கூட்டியே கலந்துதான் தீர வேண்டுமா? நறுக்கிய காயில் உப்பைப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, கையால் ஒட்டப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். வெங்காயத்தின் மொறுமொறுப்பு கொஞ்சம் போகும், போகட்டும். தயிரை மெல்லிய துணியில் அரை மணி நேரம் கட்டித் தொங்கவிட்டால் அதன் தண்ணீரும் இறங்கிவிடும். காயிலேயே உப்பு ஏறியிருக்கும், அதனால் ருசி பார்த்துவிட்டுத்தான் தயிருக்கு உப்பு. இவ்வளவு செய்தாலும் நாள் முழுக்கக் கெட்டியாக நிற்காது. ஆனால் அல்வா வரை நடந்து போகாது!

பச்சடியில் தாராளமாக விட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்த பாட்டிலிலாவது விட்டிருக்கலாம். கட்டைவிரல் அளவு பாட்டில், அதற்கொரு திறக்கவே திறக்காத மூடி. எண்ணெய்க் கையோடு நான் அதைத் திருகிக்கொண்டிருக்கிறேன், அடுத்த பந்திக்காரர் அதற்குள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “முடிச்சிட்டீங்களா சார்?” என்கிறார்.