மிதக்கும் துண்டுகள்

எங்கள் அலுவலகத்தில் மண்டலவாரியான புகார்களை மாதந்தோறும், வகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்குப் பட்டை வரைபடங்களாகவே வரைந்து தருகிறார்கள். நிறங்கள் என்னவோ அழகுதான். குடிநீர்ப் புகார் தண்டையார்பேட்டையில் அதிகமா, இராயபுரத்தில் அதிகமா என்பதுதான் கேள்வி. அடியிலுள்ள கழிவுநீர்ப் புகார் முன்னதில் 70, பின்னதில் 30 என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் அமரும் குடிநீர்த் துண்டுகளான 40, 46 ஆகியவை வெவ்வேறு உயரங்களில் தொடங்குவதால், 110 வரை எட்டும் தண்டையார்பேட்டையின் சிறிய துண்டே பெரிதாகத் தோன்றுகிறது. பூச்சியக் கோட்டில் தொடங்கும் அடித்துண்டையும் மொத்த உயரத்தையும் மட்டுமே அடுக்கில் நம்பி ஒப்பிட முடியும். வகைகளை ஒப்பிடப் பட்டைகளை அருகருகே நிறுத்துங்கள் என்றால், "இடம் போதாது சார்" என்கிறார்கள். எட்டு வகைகள் இருந்தால் அது நியாயம். எங்களிடம் இருப்பவையோ மூன்றே வகைகள்!