பந்து ஒன்று, வால் இரண்டு

இரவு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் மூண்டுவிடுகிறது. எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் பந்தைக் கேமரா துரத்தும்போது, பின்னால் உள்ள இருண்ட பார்வையாளர் மாடம் மைக்கறை இழுபட்டதைப் போல வழிகிறது. என் மானிட்டரில் இருப்பது விஏ என்ற வகை எல்சிடி பேனல். கறுப்பு ஆழமாகத் தெரிகிறதே என்று நானாகத் தேடி வாங்கிய வினை. அதன் திரவப் படிகங்கள் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில்தான் மிகவும் சோம்பல் காட்டும். பெட்டியில் 1 மில்லிநொடி என்று அச்சிட்ட மறுமொழி நேரம் அந்த மாற்றத்தைப் பற்றியதே அல்ல.

மெனுவில் Response Time அமைப்பை Fastest என்று மாற்றினேன். கறுப்பு வால் குறைந்தது, ஆனால் படிகங்களைத் தள்ளும் மின்னழுத்தம் மிகையாகித் திரை காட்டவேண்டிய நிறத்தைத் தாண்டிவிடுவதால், ஆட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் வெளிறிய ஆவி ஒன்று ஓடத் தொடங்கியது. நடுநிலையான Fast அமைப்புக்கே திரும்பினேன்.

படிகம் எவ்வளவு விரைந்தாலும், நொடிக்கு 50 சட்டகம் வரும் ஒளிபரப்பில் ஒவ்வொன்றும் 20 மில்லிநொடி அசையாமல் நிற்கிறது. கண்ணோ பந்தோடு நகர்கிறது. 1920 பிக்சல் அகலத்தை ஒரு நொடியில் கடக்கும் பந்து ஏறத்தாழ 38 பிக்சலுக்கு மங்கத்தான் செய்யும்.

இதற்கு மருந்தென்று சட்டகங்களுக்கிடையே கறுப்பைச் செருகும் வசதியை 100 ஹெர்ட்ஸில் இயக்கினேன். வெளிச்சம் பாதியானதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரே சட்டகம் இருமுறை மின்னியதால் திரையில் இரண்டு பந்துகள் ஓடின. 50 ஹெர்ட்ஸில் பந்து ஒன்றாகும், ஆனால் திரை சிமிட்டிச் சிமிட்டித் தலைவலி வந்துவிடும்.