ஆடி சேலும் ஆறு டோக்கன் நம்பரும்

ஜவுளிக்கடையில் ஷிப்ட் சீட்டு எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்.

மதுரையில் நான் வேலை பார்த்த கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது. இரவு சூப்பர்வைசர் அண்ணன் ஏழு மணிக்கே வந்துவிட்டார். பஞ்ச் மெஷின் பக்கத்தில் இரண்டு சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்று குடோன் இன்சார்ஜ் எழுதியது: 16ஆம் தேதி இரவு 9 முதல் காலை 5 வரை, பண்டல் பிரித்து ரேக்கில் அடுக்க 14 பேர். இன்னொன்று மாடி இன்சார்ஜ் எழுதியது: 17ஆம் தேதி காலை எட்டரைக்கு சேல்ஸில் நிற்க வேண்டியவர்கள்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் தப்பே தெரியாது. இரவு ஷிப்டை எப்போதும் அது தொடங்குகிற தேதியில்தான் எழுதுவார்கள். அது முடிவது 17ஆம் தேதி விடிகாலை. ஆனால் சீட்டில் ஒருவர் பெயர் 16இல் ஒரு தடவை, 17இல் ஒரு தடவை என்றுதான் இருக்கும். போதாக்குறைக்கு எங்கள் கடையில் பாண்டி மட்டும் ஐந்து பேர். இரண்டு சீட்டிலும் பாண்டி என்றிருந்தால் வேறு வேறு ஆள் என்றே தோன்றும்.

அண்ணன் பெயரை விட்டுவிட்டு டோக்கன் நம்பரைப் பார்த்தார். ஒரு நம்பருக்கு ஒரு வரி போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதினார். ஆறு நம்பருக்கு இரண்டு நேரம் வந்தது. அதில் இரண்டு பேர் உசிலம்பட்டிக்காரர்கள். ஐந்து மணிக்கு விட்டால் ஊருக்குப் போய்க் குளித்துத் திரும்பவே நேரம் சரியாகிவிடும், தூக்கம் எங்கே?

மேனேஜரிடம் போனார்.

"ஆள் கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"கணக்கு சரிதான் சார். ஆறு பேரு ரெண்டு தடவை இருக்காங்க."

1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைம் சேர்த்தாலும் பத்து. இவர்கள் விடிய விடிய நின்றுவிட்டு மறுபடி பகல் முழுக்க நிற்க வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரும் சொன்னால் மறுக்காதவர்கள். அதனால்தான் இரண்டு இன்சார்ஜும் அவர்கள் பெயரையே எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

அண்ணன் மூன்று பேரை இரவிலிருந்து எடுத்து உடனே வீட்டுக்கு அனுப்பினார். மற்ற மூன்று பேருக்கு மறுநாள் பகல் லீவு. மீதி 11 பேரை வைத்து எல்லா மாடியும் நிரப்ப முடியாது. அதனால் கூட்டம் முதலில் மொய்க்கிற தரைத்தளத்தை மட்டும் அடுக்கினார்கள். மேல்மாடி பண்டல்கள் பிரிக்காமல் கவுண்டருக்குப் பின்னால் கிடந்தன. பகலில் குறைந்த மூன்று இடத்துக்கு பேக்கிங்கிலிருந்து ஆள் வந்தது. பேக்கிங்கில் மத்தியானம் கொஞ்சம் வரிசை நின்றது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு எழுதும்போது இரண்டு சீட்டையும் ஒரே நோட்டில், டோக்கன் வரிசையில் எழுதுங்கள். இரவு ஷிப்டுக்கு முடிகிற தேதியையும் போடுங்கள்.