பதஞ்சலி 84 ஆசனங்களைக் கற்பித்தாரா?

பரவும் செய்தி: “சூரிய நமஸ்காரம் உட்பட 84 ஆசனங்களைப் பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் விளக்கியிருக்கிறார். நாம் வகுப்பில் செய்வது அதே யோகாதான்.”

இது தவறு. நான்கு பாதங்களில் 195 சூத்திரங்கள் கொண்ட அந்த நூலில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்தை நேரடியாக விளக்குபவை இரண்டாம் பாதத்தின் 46 முதல் 48 வரையிலான மூன்று மட்டுமே. அவற்றில் ஓர் ஆசனத்தின் பெயர்கூட இல்லை. இருக்கை அசையாததாகவும் சுகமானதாகவும் இருக்க வேண்டும், முயற்சியைத் தளர்த்தி மனத்தை அனந்தத்தில் ஒன்றச் செய்வதால் அது கைகூடும், அதன்பின் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் வருத்தா என்பவையே அவை சொல்லும் செய்திகள். பத்மாசனம் முதலிய பெயர்கள் வியாசரின் உரையில்தான் வருகின்றன.

அடுத்த சூத்திரம், ஆசனம் நிலைபெற்ற பிறகே பிராணாயாமம் என்கிறது. ஆக, உடலை வளைப்பதல்ல, உடல் கவனத்தைக் கலைக்காதபடி செய்வதே பதஞ்சலி சொல்லும் எட்டு யோக அங்கங்களில் மூன்றாவதான ஆசனத்தின் பணி. தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லும் இயமமும், கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்லும் நியமமும் அதற்கு முன்னே நிற்கின்றன. பிராணாயாமத்துக்குப் பின் வரும், புலன்களை உள்ளடக்கும் பிரத்தியாகாரம், மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் தாரணை, தியானம், சமாதி ஆகிய நான்கும் முழுக்க மனம் சார்ந்தவை. இயமத்தின் முதற்கூறான அகிம்சையை எந்த உடற்பயிற்சி அட்டவணையிலும் அடக்க முடியாது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பெயர் சொல்லி ஆசனங்களை விவரிப்பது பிற்கால ஹடயோக மரபு. 15-ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகையிலும் பதினைந்து ஆசனங்களே விளக்கப்படுகின்றன. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக 1920-களில் பரப்பியவர் ஔந்து சமஸ்தான மன்னர். இன்றைய ஆசன வகுப்புகளின் அமைப்பில் பெரும்பகுதி, 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து வந்தது.