22,000 என்ற எண்ணும் யாரும் பார்க்காத ஸ்லைடும்

வியாழக்கிழமை இரவு நம் எல்லோருடைய வாட்ஸப்பிலும் சுற்றிய செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பிளேட்லெட் 22,000, மிக அவசரம், ரத்தம் தேவை." அதன் கீழே "முதலில் ஸ்மியர் பார்த்தார்களா என்று கேளுங்கள்" என்று எழுதினேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் ஸ்மியர். அதற்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "உயிர் போகிற நேரத்தில் மேதாவித்தனம்" என்றார் ஒருவர். "மெஷின் சொன்னதை மறுக்க ஒரு லேப் டெக்னீஷியனுக்கு என்ன தகுதி" என்றார் இன்னொருவர். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்தச் செய்தி யாருக்காகச் சுற்றியதோ அந்தப் பெண்ணின் வீட்டார் சம்மதித்ததால் இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் அவருடைய அண்ணன் எங்கள் லேபுக்கு அவரையே அழைத்து வந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. ஈறில் ரத்தம் இல்லை, தோலில் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வழக்கமான ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஓட்டினோம். 26,000 வந்தது. கூடவே திரையில் `PLT Clumps?` என்று, பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியாகியிருக்கின்றனவா என்கிற ஓர் எச்சரிக்கையும் வந்தது. மெஷினை நான் மறுக்கவில்லை ஐயா. மெஷினே சந்தேகப்பட்டுக் கேட்கிறது. அச்சடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் அந்தக் கேள்வி பல இடங்களில் வருவதில்லை, எண் மட்டும்தான் வருகிறது.

ஸ்மியர் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, 100 லென்ஸில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில்தான் பிளேட்லெட்டை எண்ணுவோம். ஒரு வட்டத்தில் தெரிகிற ஒவ்வொரு பிளேட்லெட்டையும் ஏறத்தாழ 15,000 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து வட்டம் எண்ணிச் சராசரி எடுப்போம். அந்தப் பெண்ணின் ஸ்லைடில் வட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான் இருந்தது. அதாவது 15,000க்கும் 30,000க்கும் நடுவில். அதோடு எழுந்திருந்தால் நானும் மெஷின் சரி என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் ஸ்மியரின் வால்பகுதியை, அதாவது இழுப்பு முடிகிற மெல்லிய ஓரத்தை, பார்க்காமல் பிளேட்லெட் குறைவு என்று எழுதக்கூடாது. இழுக்கும்போது கனமான கட்டிகளெல்லாம் அங்கேதான் போய் ஒதுங்கும். லென்ஸை அங்கே நகர்த்தியதும் தெரிந்துவிட்டது. இருபது, முப்பது, ஐம்பது பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு ஊதா நிறத் திட்டுத் திட்டாகக் கிடந்தன. உள்ளே ஆல்பா துகள்களின் பொடிப் பொடியான நிறம், ஓரத்தில் வெளிறிய விளிம்பு. நியூக்ளியஸ் கிடையாது. சாயக் கசடு என்று யாரும் குழம்ப முடியாத அளவுக்குத் தெளிவு.

இது நோய் இல்லை. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் போனதும் பிளேட்லெட்டின் மேலுறையில் இருக்கிற ஒரு புரதம் வடிவம் மாறி, மறைந்திருந்த பகுதியை வெளியே காட்டுகிறது. சிலருடைய ரத்தத்தில் அந்தப் பகுதியைப் பிடிக்கிற ஆன்டிபாடி இருக்கும். அது பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று கோத்துவிடும். உடம்புக்குள் இது நடப்பதில்லை, குழாய்க்குள்தான். நேரம் ஆக ஆகக் கட்டி பெரிதாகும். மெஷின் அளவைப் பார்த்து எண்ணுகிறது. கட்டி பெரிதானால் அதன் கணக்கில் அது பிளேட்லெட்டே இல்லை. ஈ.டி.டி.ஏ.க்குப் பதில் சிட்ரேட் இருக்கிற நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தோம். 1,90,000. அந்தக் குழாயில் இருக்கிற திரவத்துக்காக 1.1ஆல் பெருக்கினால் 2,09,000. சிலருக்குச் சிட்ரேட்டிலும் ஒட்டும்; அப்போது விரலில் குத்தி நேராக ஸ்லைடில் இழுத்துப் பார்க்க வேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை.

2,09,000! இதற்காகத்தான் அந்த வீட்டில் இரவெல்லாம் பப்பாளி இலை பறித்தார்கள், அழுதார்கள், தெரியாதவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள்.

"டெங்கு சீசனில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு: டெங்குவில் பிளேட்லெட் உண்மையாகவே குறையும், தெரியும். நூறு ரிப்போர்ட்டில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கும், அதுவும் தெரியும். அதனால்தான் எல்லா ரிப்போர்ட்டுக்கும் என்று நான் சொல்லவில்லை. எண் குறைவாக வந்தால் ஸ்லைடைப் பாருங்கள் என்கிறேன். சாயம் போட்டுக் காய வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். ரத்தம் கொடுப்பவரைத் தேடுகிற நேரத்தில் பாதிகூட ஆகாது.

"குறைவு என்று தெரிந்தால் ஏற்றிவிட வேண்டியதுதானே, பாதுகாப்புக்கு?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பயம் வருகிறது. சில மாதங்களுக்கு முன் வேறொரு குழாய் வந்தது. மெஷின் சொன்னது 24,000, கிட்டத்தட்ட இதே எண். வால்பகுதியில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. நல்ல சிவப்பணு வட்டமாக, நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறி இருக்கும். இங்கே ஹெல்மெட் மாதிரியும், முக்கோணமாகவும், கொம்பு முளைத்தும் துண்டுகள். நடுவில் வெளிறலே இல்லை. இடையிடையே கொஞ்சம் பெரிதாக, நீலம் கலந்த சிவப்பணுக்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளசு அவை. நியூ மெத்திலீன் புளூவில் ஊற வைத்துப் பார்த்தால் உள்ளே வலை போல மிச்சமிருக்கிற ஆர்.என்.ஏ. தெரியும், ரெட்டிகுலோசைட் என்பது அதுதான். சாதாரணமாக நூற்றுக்கு இரண்டு தாண்டாது. அவருக்குப் பன்னிரண்டு. பிளேட்லெட்டுகளும் சில பெரிது பெரிதாக இருந்தன. மஜ்ஜையில் இருக்கிற மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்தான் தன் உடம்பை நீட்டி நீட்டிப் பிளேட்லெட்டாக ரத்தத்தில் உதிர்க்கிறது. ஒரு செல்லிலிருந்து ஆயிரத்துக்கும் மேல். தேவை கூடும்போது பெரிதாகவே உதிர்க்கும். ஆக, மஜ்ஜை ஓயவில்லை. வெளியே எங்கோ சிறு ரத்தக் குழாய்களில் பிளேட்லெட் செலவாகிறது, அங்கேயே சிவப்பணுவும் கிழிபடுகிறது. டாக்டருக்கு உடனே போன் போட்டேன். சிறு ரத்தக் குழாய்களில் இப்படிக் கட்டி அடைக்கிற டி.டி.பி. என்ற நோயாக இருக்கலாம் என்று அவர் பிளேட்லெட் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பிளாஸ்மா மாற்றும் வசதி இருக்கிற இடத்துக்கு அனுப்பினார். உயிரே போகிற மாதிரி ரத்தக்கசிவு இருந்தாலொழிய இந்த நோயில் பிளேட்லெட்டைத் தவிர்ப்பார்கள்.

22,000 என்பது ஒருவருக்கு வெறும் குழாய்க் கோளாறு, 24,000 என்பது இன்னொருவருக்கு உயிர் ஆபத்து. எண்ணைப் பார்த்து இதில் எது எது என்று யாரால் சொல்ல முடியும்? ஸ்லைடைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஸ்லைடைப் பாருங்கள்.

நான் டாக்டர் இல்லை, உண்மைதான். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்வது என் வேலை. பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியும் கண் எரிச்சலும் மிச்சமாகிற வேலை இது. பேர் தெரியாமல்தான் செய்கிறோம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நாங்கள் ஒரு பட்டனை அமுக்கிக் காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கிறவர்கள் என்று சொன்னீர்கள் பாருங்கள், அது வலிக்கிறது. சம்பளத்தை மிச்சம் பிடிக்க மைக்ரோஸ்கோப் முன் ஆளே வைக்காத இடங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்ட என் மேல்தான் கோபம்.

என் தகுதியைக் கேட்டவர் அதே கமெண்டில், முதலில் பார்த்த லேபில் ஸ்மியரும் பார்த்தாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். சரி. அந்த ஸ்லைடின் வால்பகுதியைப் பார்த்தது யார் என்று வியாழக்கிழமையே கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.